தொடுகோட்டுக்கும் நாணுக்கும் இடைப்பட்ட கோணம் விரிகோணமானால் அதே நிரூபணம் செல்லுமா?

தொடுபுள்ளி, ஜூன் 4, காலை

ஒரு வட்டத்தின் மேல் A, B, C என்று மூன்று புள்ளிகள் உள்ளன. A வழியாக PAQ என்ற தொடுகோடு செல்கிறது. நாண் AB-க்கு ஒரு பக்கத்தில் Q-வும் மறுபக்கத்தில் C-யும் இருக்கின்றன. ∠BAQ = ∠ACB என்று நிறுவ வேண்டும்.

நான் படித்த நிரூபணம் A வழியாக விட்டம் AE-யை வரைகிறது. ∠EAQ செங்கோணம் என்பதால் ∠BAQ = 90° − ∠EAB ஆகிறது. அரைவட்டத்தில் அமைந்த ∠ABE-யும் செங்கோணம் என்பதால் ∠AEB = 90° − ∠EAB ஆகிறது. ஆகவே ∠BAQ = ∠AEB. இறுதியில், ஒரே வட்டத்துண்டில் அமைந்த கோணங்கள் சமம் என்பதால் ∠AEB = ∠ACB என்று முடிகிறது.

இதை மூன்று படங்களில் வரைந்து பார்த்தேன். ∠BAQ குறுங்கோணமாக இருந்தவரை ஒவ்வொரு வரியும் படத்தோடு பொருந்தியது. அதை 130° ஆக வைத்து வரைந்தபோது முதல் வரியே பொருந்தவில்லை, ஏனெனில் 90°-இலிருந்து எதைக் கழித்தாலும் 130° வராது. ஆனால் தேற்றமோ எந்த நாணுக்கும் பொருந்தும் என்றே சொல்லப்படுகிறது. விரிகோணத்துக்கு வேறு நிரூபணம் உண்டா, அல்லது இதையே சற்றுத் திருத்தினால் போதுமா?

அரைவட்டம், ஜூன் 4, பகல்

விட்டமே தேவையில்லை. C வட்டத்தின் மேல் நகர்ந்து A-யை நெருங்குவதாக எண்ணிப் பாருங்கள். வழியெங்கும் ∠ACB மாறாது, ஏனெனில் C அதே வட்டத்துண்டிலேயே இருக்கிறது. C, A-யைத் தொடும் தறுவாயில் CB என்ற கோடு AB ஆகிவிடும், CA என்ற கோடு தொடுகோடாகிவிடும். ஆகவே தொடுகோட்டுக்கும் AB-க்கும் இடைப்பட்ட கோணம் ∠ACB-க்குச் சமம். குறுங்கோணம், விரிகோணம் என்ற பிரிவே இங்கே எழவில்லை. C எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்தப் பக்கத்துத் தொடுகோட்டுக் கதிரை எடுத்துக்கொண்டால் போதும்.

பழைய கவராயம், ஜூன் 4, மாலை

அரைவட்டம் சொன்ன கருத்து அழகானது, ஆனால் கடைசி வாக்கியத்தில் பக்கம் மாறிவிட்டது. தொடுகோட்டைக் கிடைமட்டமாக வைத்து, P இடப்புறமும் Q வலப்புறமும் இருக்க, B-யை மேலே வலப்பக்கம் குறியுங்கள். C இடப்பக்க வில்லின் வழியாக இறங்கி A-யை நெருங்குகிறது. C-யிலிருந்து A-யை நோக்கிச் செல்லும் கதிர் அப்போது வலப்புறம் பார்க்கிறது, அதாவது Q-வை நோக்குகிறது. C எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அதற்கு எதிர்ப்பக்கத்துக் கதிரைத்தான் எடுக்க வேண்டும். மாற்று வட்டத்துண்டு என்று இந்தத் தேற்றத்துக்கு ஏன் பெயர் வந்தது என்பதையும் இந்த நகர்வே காட்டிவிடுகிறது.

இனித் தொடுபுள்ளியின் கேள்விக்கு வருகிறேன். நிரூபணம் எந்த இடத்தில் குறுங்கோணத்தை நம்பியிருக்கிறது என்று தேடுங்கள். பலரும் முதல் வரியைத்தான் காட்டுவார்கள். உண்மையான சுமை கடைசி வரியில் இருக்கிறது. ∠AEB = ∠ACB என்று எழுதுவதற்கு E-யும் C-யும் நாண் AB-க்கு ஒரே பக்கத்தில் இருந்தாக வேண்டும். ∠BAQ குறுங்கோணம் என்றால், Q-விலிருந்து சுழன்று வரும்போது முதலில் AB-யையும் பிறகு 90°-இல் AE-யையும் கடக்கிறோம். எனவே E, AB-க்கு அப்பால், C இருக்கும் பக்கத்தில் விழுகிறது. விரிகோணம் என்றால் முதலில் AE வருகிறது, AB பிறகுதான் வருகிறது. E இப்போது Q-வின் பக்கத்தில் இருக்கிறது, C மறுபக்கத்தில் இருக்கிறது. அவை ஒரே துண்டில் இல்லை.

விரிகோணத்துக்குப் புதிய நிரூபணம் தேவையில்லை. மறுபக்கத்துக் கோணம் ∠BAP குறுங்கோணம்தானே? Q இருக்கும் பக்கத்து வில்லில் D என்ற புள்ளியை எடுத்துக்கொண்டால், ஏற்கெனவே நிறுவியபடி ∠BAP = ∠ADB. ADBC ஒரு வட்ட நாற்கரம் என்பதால் ∠ADB + ∠ACB = 180°. நேர்க்கோட்டின் மேல் ∠BAP + ∠BAQ = 180°. இரண்டையும் ஒப்பிட்டால் ∠BAQ = ∠ACB கிடைத்துவிடுகிறது. உங்கள் படத்தில் ∠BAQ = 130° என்றால் ∠BAP = 50°, ∠ADB = 50°, ∠ACB = 130°.

யூக்ளிடும் தம் மூன்றாம் புத்தகத்தின் 32-ஆம் கூற்றில் இந்த வழியிலேயே செல்கிறார். முதலில் விட்டத்தைக் கொண்டு ஒரு கோணம், பிறகு வட்ட நாற்கரத்தின் எதிர்க்கோணங்களைக் கொண்டு மற்றொன்று. ∠BAQ செங்கோணமாகும் நிலை மட்டும் எஞ்சுகிறது. அப்போது AB-யே விட்டம், ∠ACB அரைவட்டக் கோணம், ஆகவே அது ஒரே வரியில் முடிந்துவிடும்.

விடைத்தாள், ஜூன் 5

நெடுங்காலம் விடைத்தாள் திருத்தியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இந்தத் தேற்றத்தில் மாணவர்கள் இழக்கும் மதிப்பெண்களில் பெரும்பகுதி நிரூபணத்தில் இழப்பதல்ல, பயன்படுத்தும்போது இழப்பது. ABC என்ற முக்கோணம் வட்டத்துக்குள் இருக்கும், A-இல் தொடுகோடு இருக்கும். AB-யை ஒட்டிய கோணத்துக்கு ∠B-யின் அளவை எழுதிவிடுவார்கள். கோணம் B-க்கு அருகில் தெரிவதால் கை அங்கே போய்விடுகிறது போலும்.

நான் சொல்லிக்கொடுக்கும் வழி இது. தொடுகோட்டுக் கோணத்துக்குள் அகப்பட்டிருக்கும் வில் எது என்று முதலில் விரலால் தடவிப் பார்க்கச் சொல்வேன். AB-க்கும் Q-வுக்கும் நடுவே அகப்படுவது C இல்லாத AB வில். அந்த வில்லை எந்த உச்சியிலிருந்து பார்க்கிறோமோ அந்த உச்சியின் கோணம்தான் விடை. அது C-யாகத்தான் இருக்க முடியும்.

சரிபார்ப்பதற்கும் ஒரு வழி உண்டு. A-இல் தொடுகோட்டின் மேல் மூன்று கோணங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. AB-யை ஒட்டியது ∠C, நடுவில் ∠A, AC-யை ஒட்டியது ∠B. மூன்றின் கூடுதல் 180° வரவில்லையென்றால் எங்கோ பிசகியிருக்கிறது என்று பொருள். ஆனால் ∠B-யையும் ∠C-யையும் இடம் மாற்றி எழுதியிருந்தால் இந்தச் சோதனை அதைக் காட்டிக்கொடுக்காது. ஆகவே வில்லைத் தடவிப் பார்ப்பதை விட்டுவிடக் கூடாது.

அரைவட்டம், ஜூன் 5

பக்கம் பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். விடைத்தாள் சொன்னதைப் பார்த்தால் இன்னொன்று தோன்றுகிறது. மூன்று கோணங்களும் தொடுகோட்டின் மேல் வரிசையாக நின்று 180° ஆகின்றன. முக்கோணத்தின் கோணங்களின் கூடுதல் 180° என்பதற்கு இதுவே ஒரு நிரூபணம் அல்லவா? இணைகோடு கூட வரைய வேண்டியதில்லை.

பழைய கவராயம், ஜூன் 5

நிரூபணம் ஆகாது. வட்டத்தின் மேலுள்ள கோணம் மையக்கோணத்தில் பாதி என்பதை நிறுவும்போது இருசமபக்க முக்கோணத்தின் வெளிக்கோணத்தைப் பயன்படுத்தினோம். வெளிக்கோணம் எதிரே உள்ள இரு உள்கோணங்களின் கூடுதல் என்பது 180° என்ற அதே செய்தியின் வேறு வடிவம். தொடங்கிய இடத்துக்கே சுற்றி வந்துவிடுவோம். சரிபார்க்க உதவும், நிறுவ உதவாது.

நகரும் புள்ளி, ஜூன் 7

நான் கணினியில் வடிவியல் மென்பொருளைக் கொண்டு வரைபவன். இதே படத்தை அமைத்து C-யை வட்டத்தின் மேல் இழுத்துப் பார்த்தேன். ∠BAQ 50° என்று நிலையாக நிற்கிறது, ∠ACB-யும் 50° என்றே காட்டுகிறது. C, A-யைக் கடந்து மறுபக்கம் போன கணத்தில் ∠ACB திடீரென 130° ஆகிவிடுகிறது. A-யின் மேலேயே C-யை வைத்தால் மென்பொருள் எந்த அளவையும் காட்டுவதில்லை. ஒரு புள்ளியைச் சற்றே நகர்த்தினால் உடைந்துபோகும் ஒன்றைத் தேற்றம் என்று எப்படிச் சொல்வது?

பழைய கவராயம், ஜூன் 7

C மறுபக்கம் போனவுடன் தேற்றத்தின் நிபந்தனை மாறிவிட்டது. இப்போது C-யும் Q-வும் AB-க்கு ஒரே பக்கத்தில் இருக்கின்றன. ஆகவே ∠ACB சமமாக இருக்க வேண்டியது ∠BAP-க்கு, அது 130°. மென்பொருள் சரியாகத்தான் காட்டியிருக்கிறது.

இந்தத் தாவலை நீக்க ஒரு வழி உண்டு. கதிர்களுக்கு இடைப்பட்ட கோணத்தை விட்டுவிட்டு, கோடுகளுக்கு இடைப்பட்ட திசைக்கோணத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு கோட்டை இடஞ்சுழியாக எவ்வளவு சுழற்றினால் மற்றக் கோட்டுக்கு இணையாகும் என்பதே அந்த அளவு. 180° கூடினாலும் குறைந்தாலும் அதை ஒன்றாகவே கொள்வோம். தொடுகோட்டை t என்று குறித்தால் தேற்றம் இப்படி ஆகிறது:

∠(t, AB) = ∠(CA, CB)

C எந்தப் பக்கம் இருந்தாலும் இது பொருந்தும். உங்கள் படத்தில் t-யை இடஞ்சுழியாக 50° சுழற்றினால் AB வரும். C எங்கே இருந்தாலும் CA-யை இடஞ்சுழியாக 50° சுழற்றினால் CB-க்கு இணையாகும். 130° என்று தெரிந்தது, அதே இரு கோடுகளுக்கு நடுவே உள்ள மற்றக் கோணம். அரைவட்டம் முதலில் சொன்ன நகர்வும் இந்த மொழியில்தான் முழுமை பெறுகிறது. CA என்ற கோடு t-யை நெருங்குகிறது, CB என்ற கோடு AB-யை நெருங்குகிறது, இடையில் எந்தத் தாவலும் இல்லை.

விடைத்தாள், ஜூன் 7

இதைத் தேர்வில் எழுதலாமா என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. திசைக்கோணத்தில் பாதிக் கோணம் எடுப்பது ஆபத்தானது. 180° வேறுபட்டாலும் ஒன்றே என்று கொண்டபின் பாதியாக்கினால், 90° வேறுபட்ட இரண்டு விடைகள் வந்து நிற்கும். கோண இருசமவெட்டி வரும் கணக்குகளில் மாணவர்கள் அங்கே வழுக்கிவிடுவார்கள்.

பழைய கவராயம், ஜூன் 8

அந்த எச்சரிக்கை நியாயமானது. ஆனாலும் பக்கங்களைப் பிரித்துப் பிரித்து நான்கு படங்கள் வரைவதைவிட, ஒரே வரியில் எழுதிவிட்டு எங்கே பாதியாக்கினோம் என்று கவனமாக இருப்பதே மேல் என்பது என் கருத்து.

தொடுபுள்ளி, ஜூன் 10

விரிகோண நிலை இப்போது தெளிவாகிவிட்டது. E எந்தப் பக்கம் விழுகிறது என்பதை நான் பார்த்ததே இல்லை, விட்டத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேற்றத்தைப் பயன்படுத்தி ஒரு கணக்கை முயன்றேன். முக்கோணம் ABC-யின் சுற்றுவட்டத்துக்கு A-இல் வரைந்த தொடுகோடு, CB-யின் நீட்சியை B-க்கு அப்பால் T-இல் சந்திக்கிறது. ∠A-யின் இருசமவெட்டி BC-யை D-இல் சந்திக்கிறது. TA = TD என்று நிறுவ வேண்டும்.

என் விடை இதுதான். ∠TAB-க்குள் அகப்படுவது C இல்லாத AB வில், ஆகவே ∠TAB = ∠C. ∠TAD என்பது ∠TAB, ∠BAD ஆகிய இரண்டின் கூடுதல், அதாவது ∠C-யும் ∠A-யில் பாதியும். மறுபுறம் ∠TDA என்பது முக்கோணம் ADC-க்கு D-இல் அமைந்த வெளிக்கோணம். அது ∠DAC, ∠C ஆகியவற்றின் கூடுதல், அதுவும் ∠A-யில் பாதியும் ∠C-யும்தான். முக்கோணம் TAD-யில் இரு கோணங்கள் சமம், ஆகவே எதிரே உள்ள பக்கங்களும் சமம்.

∠A = 64°, ∠B = 78°, ∠C = 38° என்று வைத்துப் பார்த்தேன். ∠TAD = 38° + 32° = 70°, ∠TDA-யும் 70°. முக்கோணம் TAB-யில் B-யிடம் 102°, A-யிடம் 38°, ஆகவே ∠T = 40°. 70, 70, 40 கூட்டினால் 180 வருகிறது. ∠T எப்போதும் ∠B − ∠C என்பதும் இதிலிருந்து தெரிந்தது.

அளவுகோல், ஜூன் 11

நான் நிரூபணங்களுக்குப் பழகாதவன், ஆனால் துல்லியமாக வரைவேன். AB = 4, BC = 5, CA = 6 செ.மீ. என்று முக்கோணம் வரைந்து, சுற்றுவட்டமும் தொடுகோடும் போட்டு அளந்தேன். TA = 6, TD = 6, நீங்கள் சொன்னது சரி. கூடவே TB = 4 என்று வந்தது, அது AB-யின் நீளம். TA-யோ AC-யின் நீளம். ஆகவே TA = AC, TB = AB என்பவையும் எப்போதும் உண்மை. அவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

பழைய கவராயம், ஜூன் 11

உங்கள் அளவுகள் சரியானவை, பொதுமைப்படுத்தியதுதான் சரியில்லை. TAB, TCA ஆகிய இரு முக்கோணங்களைப் பாருங்கள். T பொது, ∠TAB = ∠TCA. ஆகவே அவை வடிவொத்தவை. TB : TA = TA : TC = AB : CA. உங்கள் படத்தில் இந்த விகிதம் 4 : 6, அதாவது 2 : 3. எனவே TB : TC = 4 : 9. இவற்றின் வித்தியாசம் BC = 5. ஆகவே TB = 4, TC = 9, TA = 6.

இப்போது AB = 2, CA = 3 என்று வைத்து, BC-யை 4 ஆக்குங்கள். விகிதம் அதே 2 : 3. வித்தியாசம் 4 என்பதால் TB = 3.2, TC = 7.2, TA = 4.8. இருசமவெட்டி BC-யை 2 : 3 என்று பிரிப்பதால் BD = 1.6, ஆகவே TD = 3.2 + 1.6 = 4.8. TA = TD நிலைத்து நிற்கிறது. ஆனால் TB, AB-க்குச் சமமில்லை, TA-யும் AC-க்குச் சமமில்லை.

4, 5, 6 முக்கோணத்தில் மட்டும் ஏன் அப்படி வந்தது? TB = AB ஆக வேண்டுமானால் ∠T = ∠TAB, அதாவது ∠B − ∠C = ∠C, அதாவது ∠B = 2∠C. 4, 5, 6 பக்கங்கள் கொண்ட முக்கோணம் அந்தப் பண்புக்குப் பெயர் பெற்றது. அதில் 6-க்கு எதிரே உள்ள கோணம் 4-க்கு எதிரே உள்ள கோணத்தைப் போல் இருமடங்கு. முழு எண் பக்கங்கள் எளிது என்று எடுத்துக்கொள்ளும்போது இத்தகைய சிறப்பு முக்கோணம் அகப்பட்டுவிடுவது உண்டு. சோதனைக்குப் படம் வரைந்தால், பக்கங்களில் ஒன்றையாவது மாற்றி இன்னொரு படம் வரைந்துவிடுங்கள்.

அளவுகோல், ஜூன் 12

2, 3, 4 அளவுகளை இருமடங்காக்கி வரைந்தேன். TB 6.4, TA 9.6, TD-யும் 9.6. AB-யும் AC-யும் தனியாக நிற்கின்றன. ஒப்புக்கொள்கிறேன்.

விடைத்தாள், ஜூன் 12

தொடுபுள்ளியின் விடையில் ஒரு வரி சேர்க்க வேண்டும். T, B-க்கு அப்பால் அமைகிறது என்று கணக்கே சொல்லிவிட்டதால் இங்கே குறையில்லை. கணக்கு அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் ∠B > ∠C என்று எடுத்துக்கொள்வதாக எழுத வேண்டும். ∠C பெரிதானால் T மறுபக்கம் போய்விடும், அப்போது B, C ஆகிய எழுத்துகளை இடம் மாற்றினால் அதே வாதம் செல்லும். இரண்டும் சமமானால் ∠TAB-யும் ∠ABC-யும் ஒன்றுவிட்ட கோணங்களாகிச் சமமாகிவிடும். தொடுகோடு BC-க்கு இணையாகும், T என்ற புள்ளியே கிடையாது.

நகரும் புள்ளி, ஜூன் 13

∠A-யின் வெளி இருசமவெட்டியையும் வரைந்து பார்த்தேன். அது BC-யின் நீட்சியை E-இல் வெட்டுகிறது. A-யை எங்கே இழுத்தாலும் T, DE-யின் நடுப்புள்ளியாகவே நிற்கிறது. AB-யும் AC-யும் சமமாக நெருங்கும்போது T-யும் E-யும் திரையை விட்டே ஓடிவிடுகின்றன.

தொடுபுள்ளி, ஜூன் 13

இரு இருசமவெட்டிகளும் செங்குத்து என்பதால் ∠DAE = 90°. என் எண்களில் ∠TAD = 70°, ஆகவே ∠TAE = 20°. முக்கோணம் DAE-யில் D-யிடம் 70°, ஆகவே E-யிடமும் 20°. எனவே TE = TA = TD. பொதுவாக எழுதினாலும் இதே வரிகள்தான்.

ஆனால் ஒரு கேள்வி எஞ்சுகிறது. பழைய கவராயம் விகிதங்களைக் கொண்டு TA-யையும் TD-யையும் தனித்தனியாகக் கணக்கிட்டார். கோணங்களையே தொடாமல், நீளங்களால் மட்டும் TA = TD என்பதை நிறுவ முடியுமா?

பழைய கவராயம், ஜூன் 14

BC = a, CA = b, AB = c என்று எழுதினால், மேலே செய்த அதே கணக்கு TA, TD ஆகிய இரண்டுக்கும் abc/(b² − c²) என்ற ஒரே கோவையைத் தருகிறது. ஆனால் TB : TA = c : b என்பதைப் பெறுவதற்கு இரு முக்கோணங்களும் வடிவொத்தவை என்றோம், அதற்குத் தொடுகோட்டுக் கோணத்தையே பயன்படுத்தினோம். TA² = TB × TC என்பதை மட்டும் பித்தாகரஸ் தேற்றத்தால், ஆரத்தையும் மையத்தையும் கொண்டு கோணமின்றிப் பெற்றுவிடலாம். அதிலிருந்து c : b என்ற விகிதத்துக்கு வருவதுதான் மிச்சம். ஆயத்தொலைவுகள் இல்லாமல், சுருக்கமாக அதைச் செய்யும் வழி எனக்கு இன்னும் அகப்படவில்லை. யாரேனும் கண்டால் எழுதுங்கள்.

அரைவட்டம், ஜூன் 14

T-யை மையமாகவும் TA-யை ஆரமாகவும் கொண்டு ஒரு வட்டம் வரைந்தால் அது D, E வழியாகவும் செல்லும், சுற்றுவட்டத்தைச் செங்குத்தாகவும் வெட்டும். அதன் மேலுள்ள எந்தப் புள்ளிக்கும் B, C-யிலிருந்து உள்ள தூரங்கள் c : b விகிதத்தில் இருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினால் வழி பிறக்கலாம் என்று நினைக்கிறேன். முழுதாக எழுதிப் பார்க்கவில்லை.